மலையேற்றத்தில் இழுவை இழந்த டாக்ஸி: தண்ணீர் கலந்த டீசலும் P0087 கோளாறும் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேலத்தின் புறநகரில் எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியின் கதை இது. அது ஏழு பேர் அமரும் டாக்ஸி. நான்கு சிலிண்டர் காமன் ரயில் டீசல் எஞ்சின், பிஎஸ் 4 வகை, சோலனாய்டு இன்ஜெக்டர்கள். சிலிண்டருக்குள் டீசலைப் பாய்ச்சும் இன்ஜெக்டர்கள் எல்லாவற்றுக்கும் உயர் அழுத்தத்தில் டீசலைப் பகிர்ந்து தரும் பொதுக் குழாயைத்தான் ரயில் என்கிறோம். ஓடிய தூரம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல். உரிமையாளர் ஒருவர், ஓட்டுபவர் வேறொருவர். இருவருமே வண்டியை அக்கறையோடு பார்த்துக்கொள்பவர்கள். ஆயில் மாற்றிய தேதியைக்கூட ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள்.

வடகிழக்குப் பருவமழை வலுத்திருந்த நவம்பர் மாத இரவொன்றில், வெளியூர் சவாரி முடித்துத் திரும்பும் வழியில், ஓட்டுநர் நெடுஞ்சாலைப் பங்க் ஒன்றில் 38 லிட்டர் டீசல் நிரப்பியிருக்கிறார். அப்போது டேங்கர் லாரி ஒன்று பங்கின் நிலத்தடித் தொட்டியில் சரக்கை இறக்கிக்கொண்டிருந்ததாகவும், தொட்டி மூடியைச் சுற்றி மழைநீர் தேங்கியிருந்ததாகவும் பின்னர் எங்களிடம் சொன்னார். அங்கிருந்து அறுபது கிலோமீட்டர் ஓட்டி வந்து வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டார். வழியில் எந்தக் குறையும் தெரியவில்லை.

மறுநாள் காலை ஆறு பயணிகளோடு ஏற்காடு புறப்பட்டார். அடிவாரம் வரை வண்டி இயல்பாக ஓடியது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்த மலைப்பாதையில் ஒன்பதாவது வளைவைத் தாண்டும்போது எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அதே நொடியில் இழுவை போனது. ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தாலும் எஞ்சின் சுமார் 2,500 சுற்றுக்கு மேல் போகவில்லை. நிறுத்தி, சாவியை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து மீண்டும் ஸ்டார்ட் செய்தபோது விளக்கு அணையவில்லை என்றாலும் இழுவை திரும்பியது. பதினான்காவது வளைவில் மறுபடியும் அதே நிலை. இரண்டாம் கியரிலேயே மலைக்கு மேலே போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு மெக்கானிக் கைப்பேசியோடு இணையும் சிறிய கருவியைப் பொருத்திக் கோளாறு எண்ணை அழித்துக் கொடுத்தார். மாலையில் இறங்கி வரும்போது வண்டி எந்தத் தொந்தரவும் தரவில்லை. அதனால், சவாரியை முடித்துவிட்டு எங்களிடம் வந்தபோது ஓட்டுநரே சற்றுக் குழம்பியிருந்தார். “ஏறும்போது இழுக்கவே இல்லைண்ணா, இறங்கும்போது ஒண்ணுமே தெரியலை” என்றார்.

முதல் நாள் கண்டவை

எண் ஒருமுறை அழிக்கப்பட்டிருந்தாலும் எங்கள் ஸ்கேனரில் P0087 மீண்டும் பதிவாகியிருந்தது. மலைமேல் பயணிகளை ஒவ்வோரிடமாக அழைத்துச் சென்றபோது ஒரு மேட்டில் விளக்கு மறுபடி எரிந்ததை ஓட்டுநர் அப்போதுதான் நினைவுகூர்ந்தார். ரயிலில் எரிபொருள் அழுத்தம் தேவைக்குக் குறைவாக இருக்கிறது என்பதே அந்த எண்ணின் பொருள். குறை எந்தப் பாகத்தில் என்பதை அது சொல்லாது. டேங்க்கின் அடியில் உள்ள சல்லடை, ஃபில்டர், காற்று இழுக்கும் குழாய் இணைப்பு, ஹை பிரஷர் பம்ப், அதற்குள் போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் வால்வு, ரயில் சென்சார், உள்ளே கசியும் இன்ஜெக்டர் ஆகிய எதனாலும் இந்த ஒரே எண் வரும். அதைக் கண்டவுடன் பம்ப்பையோ நான்கு இன்ஜெக்டர்களையோ மாற்றச் சொல்வது பல பட்டறைகளில் நடக்கிறது. வண்டிக்காரருக்கு அதில் போகும் பணம் சிறியதல்ல.

எண்ணோடு சேர்ந்து பதிவாகும் அந்தக் கணத்தின் அளவுகளை முதலில் எழுதிக்கொண்டோம். எஞ்சின் 2,600 சுற்றுக்கு அருகில், சுமை 90 விழுக்காட்டுக்கு மேல், குளிர்நீர் வெப்பம் இயல்பு. ஆக, முழுச் சுமையில்தான் அழுத்தம் விழுந்திருக்கிறது. மலைமேல் அழிக்கப்பட்ட முதல் பதிவும் கையில் இருந்திருந்தால், இரண்டு நிகழ்வுகளும் ஒரே மாதிரியானவையா என்று ஒப்பிட்டிருக்கலாம். எண்ணை அழிக்கும்போது இந்தப் பதிவும் சேர்ந்தே போய்விடுகிறது.

ஐட்லிங்கில் பார்த்தபோது, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ கேட்ட அழுத்தம் சுமார் 300 பார். உண்மையில் இருந்ததும் 290க்கும் 310க்கும் இடையில். ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்தால் இசியூ 1,200 பார் கேட்டது. ரயிலில் உண்மை அழுத்தம் 700 வரை ஏறி அங்கேயே தடுமாறியது. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இடையே இவ்வளவு பெரிய இடைவெளி சில நொடிகள் நீடித்தால் இசியூ டீசல் அளவைக் குறைத்து எஞ்சினைப் பாதுகாப்பு நிலைக்குக் கொண்டுபோய்விடும். ஓட்டுநர் ‘இழுக்கவில்லை’ என்று சொன்னது இந்த நிலையைத்தான்.

அடுத்து ஃபில்டர். அதன் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிக் குடுவையில் பிடித்தபோது முதலில் வந்தது டீசலே அல்ல. கலங்கிய தண்ணீர் சுமார் 150 மில்லி வந்தபிறகுதான் மஞ்சள் நிறம் தெரிந்தது. இவ்வளவு தண்ணீர் சேர்ந்திருந்தும் டேஷ்போர்டில் தண்ணீர் எச்சரிக்கை விளக்கு ஏன் எரியவில்லை என்ற கேள்விக்கு விடை ஃபில்டருக்குப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. முன்பு எங்கோ மாற்றப்பட்ட விலை குறைந்த ஃபில்டரில் தண்ணீர் சென்சாருக்கான துளையே இல்லை. அதனால் சென்சாரைக் கழற்றி, ஒயர் கனெக்டரைப் பிளாஸ்டிக் நாடாவால் சுற்றிக் கட்டிவிட்டிருந்தார்கள்.

டேங்க்கின் அடியிலிருந்து ஒரு லிட்டர் மாதிரி எடுத்து, சுத்தமான கண்ணாடி ஜாடியில் ஊற்றி அசையாமல் வைத்தோம். அரை மணி நேரத்தில் அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் பிரிந்து நின்றது. டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் துரு நிறத்தில் மெல்லிய ஏடு படிந்திருந்தது. தண்ணீர் கண்டறியும் பசையைக் குச்சியில் தடவி விட்டதும் அடிப்பகுதி மட்டும் நிறம் மாறியது.

மண்ணெண்ணெய்க் கலப்படமும் இருக்குமோ என்ற ஐயம் இருந்தது. மேலே தெளிந்து நின்ற டீசலின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரால் அளந்து, 15 டிகிரி வெப்பத்துக்கு மாற்றிக் கணக்கிட்டபோது கன மீட்டருக்கு 829 கிலோ வந்தது. ஓட்டுநர் பத்திரமாக வைத்திருந்த பில்லில் 831 என்று அச்சாகியிருந்தது. மூன்று வரையிலான வேறுபாடு ஏற்கத்தக்கது என்பதால் பெரிய அளவில் மண்ணெண்ணெய் சேர்ந்திருக்க வாய்ப்பில்லை என்று முடிவு செய்தோம். சிறிய அளவிலான கலப்பை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது என்பதையும் உரிமையாளரிடம் சொன்னோம்.

ஏன் மலையில் மட்டும்

தண்ணீர் டீசலைவிடக் கனமானது. இரவு முழுவதும் வண்டி அசையாமல் நின்றதில் தண்ணீர் முழுவதும் டேங்க்கின் அடியில் இறங்கிவிட்டது. எரிபொருளை உறிஞ்சும் குழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது. காலையில் வண்டி கிளம்பியதும் ஃபில்டரின் அடிக்கிண்ணம் முதலில் நிரம்பியிருக்கிறது. அது நிரம்பிய பின் ஃபில்டர் தாளே தண்ணீரில் நனையத் தொடங்குகிறது. தண்ணீரைத் தள்ளி நிறுத்தும்படி செய்யப்பட்ட தாள் என்பதால், நனைந்த பகுதி டீசலுக்கும் ஒரு சுவர் போல ஆகிவிடுகிறது.

சமதளத்தில் எஞ்சினுக்குத் தேவைப்படும் டீசல் குறைவு. மிச்சமிருக்கும் தாளின் வழியாகவே அது வந்துவிடும். ஆறு பேருடன் மலையேறும்போது தேவை பலமடங்கு கூடுகிறது. அப்போது ஹை பிரஷர் பம்ப்புக்கு வந்து சேர வேண்டிய டீசல் வந்து சேராமல், பம்ப் பட்டினி கிடக்கிறது. ரயில் அழுத்தம் விழுகிறது. சாவியை அணைத்துப் போட்டால் பாதுகாப்பு நிலை நீங்குவதும், அடுத்த ஏற்றத்தில் அது திரும்புவதும், இறக்கத்தில் ஒன்றும் தெரியாமல் போவதும் இதனால்தான்.

எங்களை உண்மையில் கவலைப்படுத்தியது வேறொன்று. ஹை பிரஷர் பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் தனியாக எண்ணெய் கிடையாது. அவற்றுக்கு மசகு ஓடுகிற டீசலேதான். இன்ஜெக்டருக்குள் ஒன்றோடொன்று உரசும் பாகங்களுக்கு இடையிலான இடைவெளி ஓரிரு மைக்ரான் அளவே. நனைந்த ஃபில்டரைத் தாண்டிச் சிறிதளவு தண்ணீர் போயிருந்தாலும், அங்கே துருவும் தேய்மானமும் தொடங்கிவிடும். இந்த வண்டி அப்படி எவ்வளவு நேரம் ஓடியது என்பது யாருக்கும் தெரியாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மறுநாள் சவாரி இருப்பதால் ஃபில்டரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுங்கள் என்று உரிமையாளர் கேட்டார். அவருடைய நெருக்கடி எங்களுக்குப் புரிந்தது. ஆனால் டேங்க்கில் தண்ணீர் இருக்கும்வரை புதிய ஃபில்டர் ஒரு நாள்கூடத் தாங்காது. அதற்குள் தண்ணீர் பம்ப்பை அடைந்துவிட்டால் செலவு பத்து மடங்காகும். ஜாடியை அவர் கையில் கொடுத்து வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னோம். அதன் பிறகு அவர் மறுக்கவில்லை.

டேங்க்கை இறக்கினோம். வடித்தது 41 லிட்டர். பெரிய கேன்களில் தெளிய விட்டபோது அதில் 1.8 லிட்டர் தண்ணீர். உறிஞ்சு குழாயின் சல்லடையில் கறுப்பாக, கொழகொழவென்று பாசி போன்ற ஒரு கசடு ஒட்டியிருந்தது. இது முக்கியமானது. டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் வளரும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் இந்தக் கசடு ஓர் இரவில் உருவாவதில்லை, வாரக்கணக்கில் ஆகும். அந்த மழை இரவுக்கு முன்பே இந்த டேங்க்கில் கொஞ்சம் தண்ணீர் இருந்திருக்கிறது என்று அது சொல்லியது. சென்சார் கழற்றப்பட்டு எவ்வளவு காலமாயிற்று என்பதோடு சேர்த்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை.

பம்ப்பின் நிலையை அறிய, டேங்க்கை மாட்டுவதற்கு முன்பே ஒரு சோதனை செய்தோம். வெளியே ஐந்து லிட்டர் கேனில் நல்ல டீசலை வைத்து, புதிய ஃபில்டர் பொருத்தி, ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் இடையில் உள்ளே ஓடுவது தெரியும் ஒரு முழக் குழாயை இணைத்தோம். கைப்பம்ப்பால் குமிழ்கள் நிற்கும்வரை டீசலை ஏற்றிய பிறகே ஸ்டார்ட் செய்தோம். டீசல் இல்லாமல் காலியாகச் சுற்ற விடுவது, தண்ணீருக்கு அடுத்தபடியாகப் பம்ப்புக்குக் கேடு. எஞ்சின் ஓடத் தொடங்கிச் சில நிமிடங்களில் குழாயில் காற்றுக் குமிழ் எதுவும் தென்படவில்லை. ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்தபோது 1,200 கேட்ட இடத்தில் 1,150க்கு மேல் உடனே வந்தது. முந்தைய நாள் 700இல் தடுமாறிய அதே பம்ப் அது. குறை பம்ப்புக்கு முன்னால்தான் என்பது இந்தச் சோதனையில் தெளிவானது. இதற்கான செலவு ஐந்து லிட்டர் டீசலும் ஒரு மணி நேர உழைப்பும்தான்.

அடுத்து, பம்ப் உள்ளே தேய்ந்து இரும்புத் துகள் உதிர்த்திருக்கிறதா என்று பார்க்க மீட்டரிங் வால்வைக் கழற்றினோம். அதன் வாயிலுள்ள நுண்சல்லடையை நூல் உதிராத வெள்ளைத் துணியில் ஒற்றி, விளக்கின் கீழ் பிடித்துப் பார்த்தோம், காந்தத்தாலும் தடவினோம். மினுமினுப்பு எதுவும் இல்லை. பழைய ஃபில்டரை வெட்டிப் பார்த்ததிலும் துருத் தூள்தான் இருந்தது, வெள்ளித் துகள் இல்லை. துகள் தென்பட்டிருந்தால் பம்ப், ரயில், குழாய்கள், நான்கு இன்ஜெக்டர்கள் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற நேர்ந்திருக்கும். ஏனெனில் உதிர்ந்த துகள் ஓர் இடத்தில் தங்காது. அந்த நிலை வராததால் பம்ப்பை அப்படியே வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தோம்.

கடைசியாக, ஒவ்வொரு இன்ஜெக்டரும் பாய்ச்சாமல் திருப்பி அனுப்பும் டீசலை அளக்கும் ரிட்டர்ன் கசிவுச் சோதனை. நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களையும் அளவு குறித்த குப்பிகளில் விட்டு, ஐட்லிங்கில் இரண்டு நிமிடம் ஓட்டினோம். வந்த அளவு முறையே 21, 23, 34, 22 மில்லி. மூன்றாவது சற்றுக் கூடுதல். மிகக் குறைந்த அளவின் இரண்டு மடங்கைத் தாண்டாத வரை விடலாம் என்பதே எங்கள் பட்டறையின் வழக்கம். அதன்படி விட்டுவிட்டோம்.

டேங்க்கைக் கழுவி உலர்த்தி, சல்லடையைச் சுத்தம் செய்து, சென்சார் பொருந்தும் சரியான ஃபில்டரை மாட்டி, கனெக்டரை மீண்டும் இணைத்தோம். நல்ல டீசல் நிரப்பி, எண்ணை அழித்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு அதே ஏற்காடு பாதையில் மேலே வரை ஓட்டிப் பார்த்தோம். ரயில் அழுத்தம் கேட்டதை விட்டு விலகவே இல்லை. வண்டியை ஒப்படைத்தோம்.

ஒன்பது நாள் கழித்து

சுமார் 1,100 கிலோமீட்டர் ஓடிய பிறகு வண்டி திரும்பி வந்தது. இழுவையில் குறையில்லை, விளக்கும் எரியவில்லை. ஆனால் நீண்ட தூரம் ஓட்டிவிட்டு டீ குடிக்க இருபது நிமிடம் நிறுத்தினால், மறுபடி ஸ்டார்ட் ஆக எட்டு, பத்து நொடி சுற்ற வேண்டியிருந்தது. காலையில் குளிர்ந்த எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது.

ஸ்கேனரில் கோளாறு எண் எதுவும் இல்லை. எனவே ஸ்டார்ட் செய்யும்போது ரயில் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்பதை மட்டும் பார்த்தோம். குளிர்ந்த நிலையில் 280 பார் வரை எளிதாக ஏறியது. முக்கால் மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி நிறுத்திவிட்டுப் பார்த்தபோது 130இலேயே நின்றது. குறிப்பிட்ட அளவு அழுத்தம் சேராமல் இசியூ இன்ஜெக்டரைத் திறக்காது. அதனால்தான் எஞ்சின் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. டீசல் சூடானால் நீர்த்துப்போகும், நீர்த்த டீசல் சின்ன இடுக்கிலும் கசியும். ஸ்டார்ட்டர் வேகத்தில் சுற்றும் பம்ப் தரும் அளவு மிகக் குறைவு என்பதால், அந்தக் கசிவு அப்போது அழுத்தத்தை ஏற விடாமல் தடுத்துவிடுகிறது.

சூடான நிலையிலேயே ஸ்டார்ட்டரைச் சுற்றி ரிட்டர்ன் குப்பிகளைப் பார்த்தோம். மற்ற மூன்று குப்பிகளிலும் அடியில் நனைந்த தடம் மட்டும். மூன்றாவது இன்ஜெக்டரின் குப்பி கண்ணெதிரே நிறைந்தது. இந்த நிலையில் ரயில் குழாய்களின் அருகே யாரும் கையை வைக்கக் கூடாது. நூறு பாரில் பீறிடும் டீசல்கூடத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றி, அவற்றைச் சோதிக்கும் பெஞ்ச் வைத்திருக்கும் நிபுணரிடம் கொடுத்தோம். மூன்றாவதில், கட்டுப்பாட்டு வால்வின் சிறு குண்டு அமரும் இடத்தில் ஊசி முனை அளவில் குழிகள் விழுந்திருந்தன. நாசில் ஊசியின் தண்டில் துருக்கறை. மற்ற மூன்றும் பெஞ்சில் தேறின. மூன்றாவதைப் பழுது பார்த்தும் பயன்படுத்தலாம் என்றார் அவர். வாடகை வண்டி நடுவழியில் நிற்கக் கூடாது என்பதால் உரிமையாளர் புதியதையே கேட்டார். ஒன்றுக்கு ஏறத்தாழ 17,000 ரூபாய் ஆயிற்று. நான்கு இன்ஜெக்டருக்கும் அடியில் புதிய செம்பு வாஷர் போட்டு, புதிய இன்ஜெக்டரின் மேல் பொறித்திருந்த எண்ணை ஸ்கேனர் வழியாக இசியூவில் ஏற்றினோம். அந்த எண் அந்த இன்ஜெக்டர் எவ்வளவு பாய்ச்சும் என்பதை இசியூவுக்குச் சொல்வது; ஏற்றாமல் விட்டால் எஞ்சின் முரட்டுத்தனமாக ஓடும், புகையும் வரும்.

அதன்பின் சூடான எஞ்சின் ஒரு நொடியில் ஸ்டார்ட் ஆனது. ஆறு மாதம் கழித்து வழக்கமான சர்வீஸுக்கு வந்தபோது மறுபடியும் கசிவுச் சோதனை செய்தோம். நான்கு அளவுகளும் ஏறக்குறைய சமமாக இருந்தன.

பங்க்கில் நடந்தது

தண்ணீர் கண்ட மறுநாளே உரிமையாளர் பில்லையும் ஜாடியையும் எடுத்துக்கொண்டு பங்க்குக்குப் போனார். மேலாளர் மறுப்பின்றித் தொட்டியில் குச்சியை விட்டுக் காட்டினார். பசை நிறம் மாறவில்லை. அடர்த்திப் பதிவேடும் சரியாக இருந்தது. இடையில் ஒன்றரை நாள் கடந்திருந்தது, எத்தனையோ வண்டிகள் நிரப்பிப் போயிருந்தன. தண்ணீர் உங்கள் டேங்க்கிலேயே முன்பு இருந்திருக்கலாமே என்று அவர் கேட்டபோது, சல்லடையிலிருந்த கறுப்புக் கசடு உரிமையாளருக்கு நினைவுக்கு வந்திருக்கிறது. வாதாடாமல் திரும்பிவிட்டார். இழப்பீடு கிடைக்கவில்லை.

என் கணிப்பில், தண்ணீரின் பெரும்பகுதி அந்த இரவில்தான் வந்திருக்க வேண்டும், 1.8 லிட்டர் தண்ணீர் முன்பே இருந்திருந்தால் வண்டி முந்தைய வாரமே நின்றிருக்கும். ஆனால் அதை நிரூபிக்கும் மாதிரி எங்களிடம் இல்லை. கார் டேங்க்கிலிருந்து எடுத்த மாதிரி, கார் டேங்க்கில் என்ன இருந்தது என்பதை மட்டுமே சொல்கிறது.

இனி மாற்றிச் செய்வது

மூன்றாவது இன்ஜெக்டரை முதல் முறையே பிடித்திருக்க வேண்டும். 34 மில்லி எங்கள் வரம்புக்குள் இருந்தது உண்மை. ஆனால் மற்ற மூன்றும் 21க்கும் 23க்கும் இடையில் நெருக்கமாக நிற்கும்போது ஒன்று மட்டும் ஒன்றரை மடங்கு காட்டினால், தண்ணீர் போன வண்டியில் அதைச் சந்தேகித்திருக்க வேண்டும். மேலும், நாங்கள் அளந்தது மிதமான சூட்டில், ஐட்லிங்கில். இப்போது தண்ணீர் கண்ட வண்டி எதுவானாலும், முக்கால் மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி, ஸ்டார்ட்டர் வேகத்திலும் கசிவை அளந்து, ஸ்டார்ட் ஆகும் கணத்தின் ரயில் அழுத்தத்தையும் எழுதி வைத்த பிறகே ஒப்படைக்கிறோம். ஐந்நூறு கிலோமீட்டரில் ஒருமுறை திரும்பக் கொண்டுவரச் சொல்லி, ஃபில்டர் அடித் திருகையும் திறந்து பார்க்கிறோம்.

எங்களிடம் சர்வீஸுக்கு வரும் டீசல் வண்டிகள் எல்லாவற்றிலும் தண்ணீர் சென்சாரின் ஒயர் இணைந்திருக்கிறதா என்று பார்ப்பது இப்போது வேலை அட்டையில் ஒரு தனி வரி. சாவியைப் போட்டவுடன் மற்ற விளக்குகளோடு அந்தச் சிறு விளக்கும் ஒருமுறை எரிந்து அணைகிறதா என்று ஓட்டுநருக்கே காட்டிவிடுகிறோம். எரியும் விதம் வண்டிக்கு வண்டி மாறுவதால், அந்த வண்டியின் கையேட்டில் உள்ளதைப் பார்த்துத்தான் சொல்கிறோம்.

இந்த டாக்ஸியின் ஓட்டுநர் தாமாகவே இரண்டு பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டார். டேங்கர் சரக்கு இறக்கும்போது அந்தப் பங்க்கில் நிரப்புவதில்லை. இறக்கும் வேகத்தில் தொட்டியின் அடிக்கசடும் தண்ணீரும் கலங்கி எழும் என்பதை அவரிடம் விளக்கியிருந்தோம். மழைக்காலத்தில் பழக்கமில்லாத பங்க்கில் நிரப்ப நேர்ந்தால், நிரப்பும் முன் அதே குழாயிலிருந்து ஒரு லிட்டர் கண்ணாடிப் பாட்டிலில் வாங்கி, பில்லோடு சேர்த்து மூடி வைக்கிறார். சீட்டுக்கு அடியில் உருளாமல் நிற்க, அதற்கென்று ஒரு மரச்சட்டமும் அடித்து வைத்திருக்கிறார்.